64 விண்ணப்பம், 5 போன், 2 நேர்காணல்: எங்கே அறுகிறது?

கேள்வி

நான் பி.காம். படித்தவள். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் 6 ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். டேலி பிரைம், ஜிஎஸ்டி ரிட்டர்ன், டிடிஎஸ், பேங்க் ரெக்கன்சிலியேஷன் எல்லாம் என் பொறுப்பு. கணவருக்குச் சென்னைக்கு மாற்றல் வந்துவிட்டது. அதனால் மூன்று மாதம் விடாமல் சென்னை வேலைகளுக்கு விண்ணப்பித்தேன். கடைசி விண்ணப்பம் போட்டும் ஒரு மாதத்துக்கு மேலாகிறது.

கணக்கு எழுதிப் பழகிய கை என்பதால், எங்கே, எந்த வேலைக்கு, என்றைக்கு அனுப்பினேன், அந்த விளம்பரம் என்றைக்கு வந்தது என்பதையெல்லாம் நோட்டில் குறித்துவைத்திருக்கிறேன். மொத்தம் 64 விண்ணப்பங்கள். 48-க்குப் பதிலே இல்லை. 11 மறுப்பு மெயில். 5 பேர் போனில் அழைத்தார்கள். அதில் 2 மட்டுமே நேர்காணல் வரை போனது. லிங்க்ட்இனில் 14 அனுப்பியும் ஒரு போன்கூட வரவில்லை, அது வீண் என்று விட்டுவிட்டேன். ரெஸ்யூமே எழுதித் தரும் ஒருவர், "உங்க ரெஸ்யூமேக்கு ஏடிஎஸ்ல 41 மார்க்தான் வருது, அதான் யாரும் கூப்பிடல" என்று சொல்லி, மாற்றி எழுத 6,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? நோட்டின் நகலையும் என் நௌக்ரி முகப்பின் நகலையும் இணைத்திருக்கிறேன்.

– வாசகி, திருப்பூர்

பதில்

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் ரெஸ்யூமே பிரமாதம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பெரும்பாலான இடங்களில் அதை யாரும் திறந்தே பார்க்கவில்லை என்று உங்கள் நோட்டு சொல்கிறது. திறக்காத ரெஸ்யூமேயை எவ்வளவு அழகாக மாற்றி எழுதினாலும் பலன் ஒன்றுதான்.

அந்த 41 மார்க் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏடிஎஸ் என்பது நிறுவனங்கள் விண்ணப்பங்களைச் சேர்த்துவைத்து, தேடி, வரிசைப்படுத்தப் பயன்படுத்தும் மென்பொருள். அது ஒன்றல்ல, பல உண்டு. ஒவ்வொரு நிறுவனமும் அதைத் தன் வசதிக்கு அமைத்துக்கொள்கிறது. எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான மார்க் என்று ஒன்று கிடையாது. இணையத்தில் ரெஸ்யூமேயை ஏற்றியதும் வரும் மார்க், அந்த இணையதளம் தானாகப் போட்டுக்கொண்டது. நீங்கள் விண்ணப்பித்த நிறுவனத்தின் எச்ஆர் அதைப் பார்ப்பதில்லை.

எந்தப் படியில் நின்றது?

விண்ணப்பம் அனுப்பியதற்கும் நேர்காணலுக்கும் நடுவே மூன்று படிகள் இருக்கின்றன. முதலில் உங்கள் விண்ணப்பத்தை ஒருவர் திறக்க வேண்டும். திறந்தவர் படித்துவிட்டு அழைக்க வேண்டும். அழைத்தவர் போனில் பேசிவிட்டு நேர்காணலுக்குத் தேதி கொடுக்க வேண்டும். எந்தப் படியில் நின்றாலும் உங்கள் பக்கம் தெரிவது ஒன்றுதான்: நேர்காணல் இல்லை. காரணங்களோ படிக்குப் படி வேறு. கையில் வாங்கிய செக்கை வங்கியில் போடாமலே வைத்திருப்பதும், போட்டுத் திரும்பி வந்ததும் ஒன்றா? இரண்டிலும் கணக்கில் பணம் ஏறவில்லை, ஆனால் நீங்கள் விசாரிக்கப் போகும் இடம் வேறல்லவா?

முதல் படியில் நின்றால் ரெஸ்யூமேக்குள் எழுதியிருப்பது காரணமாக இருக்க வழியில்லை. நௌக்ரி போன்ற தளத்தில் ஒரு வேலைக்கு வந்த விண்ணப்பங்கள் எச்ஆருக்குப் பட்டியலாகத்தான் தெரியும். ஒவ்வொருவருக்கும் சில வரிகள்: பெயர், இப்போதைய பதவி, நிறுவனம், அனுபவம், சம்பளம், ஊர், நோட்டீஸ் பீரியட், முக்கியத் திறன்கள். திறப்பதா வேண்டாமா என்பதை அந்தச் சில வரிகளைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். பட்டியலை ஊர் வாரியாக, அனுபவம் வாரியாக வடிகட்டவும் முடியும். வடிகட்டலில் விழுந்தவர் கண்ணிலேயே படமாட்டார்.

இரண்டாம் படியில் நின்றால்தான் ரெஸ்யூமேயைச் சந்தேகிக்க வேண்டும். மூன்றாம் படியில் நின்றால் சம்பளம், சேரும் தேதி, வேலை நேரம், ஊர் என்று போனில் பேசும் விஷயங்கள் எங்கோ இடிக்கின்றன.

நௌக்ரியில் விண்ணப்பித்த வேலைகளின் பட்டியலைத் திறந்தால், ஒவ்வொன்றின் நிலையிலும் எச்ஆர் பார்த்தாரா என்பது தெரியும். லிங்க்ட்இனில் ஈஸி அப்ளை வழியாக அனுப்பியவற்றுக்கும், பார்க்கப்பட்டது, ரெஸ்யூமே இறக்கிக்கொள்ளப்பட்டது என்று அறிவிப்பு வரும். நீங்கள் அதையும் குறித்துவைத்திருப்பது நல்லதாகப் போயிற்று. இந்தக் குறிப்பை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். சில நிறுவனங்கள் விண்ணப்பங்களை மொத்தமாக இறக்கித் தங்கள் மென்பொருளில் வைத்துப் பார்க்கும், அப்போது தளத்தில் 'பார்த்தார்' என்று விழாது. நௌக்ரியில் பார்த்துவிட்டு நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குப் போய் அனுப்பியவற்றின் நிலையும் நௌக்ரியில் வராது. அவற்றை 'நிறுவன இணையதளம்' என்ற தலைப்பில்தான் எழுத வேண்டும், நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள்.

இரண்டு வேலைகள், ஒரே பட்டியல்

உங்கள் நோட்டில் எல்லாமே 'அக்கவுண்ட்ஸ்' என்று ஒரே தலைப்பின் கீழ் இருக்கிறது. பதவிப் பெயர்களைப் பார்த்து நான் அதை இரண்டாகப் பிரித்தேன். ஒன்று, தொழிற்சாலைகள், ஏற்றுமதியாளர்கள், வணிக நிறுவனங்களில் அக்கவுண்டன்ட், சீனியர் அக்கவுண்டன்ட் வேலை. டேலி, ஜிஎஸ்டி, டிடிஎஸ் கேட்பார்கள். இதைக் 'கணக்கு' என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று, பன்னாட்டு நிறுவனங்களின் கணக்கு வேலையைச் சென்னையில் உட்கார்ந்து செய்யும் மையங்கள். அக்கவுண்ட்ஸ் பேயபிள், ரெக்கார்டு டு ரிப்போர்ட் என்று பதவிப் பெயர் வரும். எஸ்ஏபி கேட்பார்கள், இரவு ஷிப்டும் பல இடங்களில் உண்டு. இது 'ஷேர்டு சர்வீஸ்'.

| வழி | கணக்கு | ஷேர்டு சர்வீஸ் |
|---|---|---|
| நௌக்ரி | 20 | 18 |
| லிங்க்ட்இன் | 3 | 11 |
| நிறுவன இணையதளம் | 0 | 8 |
| தெரிந்தவர் மூலம் | 4 | 0 |
| மொத்தம் | 27 | 37 |
| வந்த போன் | 5 | 0 |

ஐந்து போனும் ஒரே பக்கத்தில் வந்திருக்கின்றன. விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் போன பக்கத்தில் ஒன்றுகூட இல்லை.

இது தற்செயலாக இருக்கக்கூடாதா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும், ஏனென்றால் சின்ன எண்கள் ஏமாற்றும். தெரிந்தவர் மூலம் போனவை தனி ரகம், அவற்றை ஒதுக்கிவிடுவோம். அந்த நாலில் இரண்டு போன் வந்தது. மீதி 23 கணக்கு விண்ணப்பங்களுக்கு 3 போன், அதாவது சுமார் 13 சதவீதம். ஷேர்டு சர்வீஸுக்கும் அதே வாய்ப்பு இருந்திருந்தால், 37 அனுப்பி ஒன்றுகூட வராமல் போவது நூற்றில் ஒரு தடவைக்கும் குறைவாகத்தான் நடக்கும். ஆகவே இங்கே அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல இடமில்லை.

இப்போது லிங்க்ட்இன் பற்றிய உங்கள் முடிவுக்கு வருவோம். அங்கே அனுப்பிய 14-இல் 11 ஷேர்டு சர்வீஸ் வேலைகள். எந்த வழியில் போனாலும் போன் வராத வேலைகளை அந்த வழியில் நிறைய அனுப்பிவிட்டு, வழி சரியில்லை என்று எழுதிவிட்டீர்கள். கணக்கு வேலைக்கு லிங்க்ட்இனில் போனது மூன்றே மூன்று. மூன்றில் ஒன்றும் வரவில்லை என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

இதற்குப் புள்ளியியலில் ஒரு சுலபமான வழி இருக்கிறது. எத்தனை அனுப்பியும் பூஜ்யம் என்றால், 3-ஐ அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். உண்மையான வாய்ப்பு பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும் என்று சொல்லலாம், அதற்குமேல் சொல்ல முடியாது. 30 அனுப்பி ஒன்றும் இல்லை என்றால் 3-ஐ 30-ஆல் வகுக்க, 10 சதவீதம். அதாவது பத்தில் ஒன்று கிடைக்கக்கூடிய ஒருவருக்கும் 30 பூஜ்யம் வந்துபோகலாம். பத்துப் பன்னிரண்டு அனுப்பிவிட்டு "இது வேலைக்கு ஆகாது" என்று ரெஸ்யூமேயை மாற்றுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். முதல் ரெஸ்யூமே நல்லதா கெட்டதா என்று தெரிவதற்குள் மூன்றாவது ரெஸ்யூமேக்குப் போய்விடுகிறார்கள்.

ஏழு மறுப்புகள் சொல்வது

ஷேர்டு சர்வீஸ் பக்கம் ஏன் பூஜ்யம்? உங்கள் மறுப்பு மெயில்களின் நேரத்தைப் பாருங்கள். 11 மறுப்பில் 9 இந்தப் பக்கம். அதில் 7, நிறுவன இணையதளங்களில் அனுப்பியவை, எல்லாம் ஒரே நாளுக்குள் வந்திருக்கின்றன. ஒன்று இரவு 11.10-க்கு அனுப்பி 11.40-க்குத் திரும்பியிருக்கிறது. அந்த அரை மணி நேரத்தில் உங்கள் ரெஸ்யூமேயை ஒருவர் உட்கார்ந்து படித்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

அந்த விண்ணப்பப் படிவங்களில் உங்களிடம் சில கேள்விகள் கேட்டிருப்பார்கள். எஸ்ஏபியில் எத்தனை ஆண்டு அனுபவம்? இரவு ஷிப்டுக்குச் சம்மதமா? நோட்டீஸ் எத்தனை நாள்? இவற்றில் சிலவற்றைக் கட்டாயம் என்று வைத்துவிட்டால், தவறான பதில் வந்ததும் மென்பொருளே ஒதுக்கிவிடும். உங்கள் குறிப்பில் எஸ்ஏபிக்கு நேரே '0' என்றும் இரவு ஷிப்டுக்கு நேரே 'இல்லை' என்றும் இருக்கிறது. இரண்டும் உண்மையான பதில்கள். மாற்றிப் போட நினைக்காதீர்கள். எஸ்ஏபியில் வேலை செய்தவருக்கும் செய்யாதவருக்கும் உள்ள வித்தியாசம் நேர்காணலில் முதல் பத்து நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும்.

நாள்கணக்கில் கழித்து வரும் மறுப்பை இப்படிப் படிக்க முடியாது. "வேறு விண்ணப்பதாரர்களுடன் மேலே செல்கிறோம்" என்ற வகை வாசகம் எல்லோருக்கும் போகும் அச்சுக் கடிதம். அதில் காரணம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மறுப்பு மெயிலில் பயன்படும் தகவல் ஒன்றே ஒன்று, அது எவ்வளவு சீக்கிரம் வந்தது என்பது.

ஆக, ஷேர்டு சர்வீஸ் பக்கத்தின் சிக்கல் ரெஸ்யூமே அல்ல, தகுதி. எஸ்ஏபி கற்றுக்கொண்டு ஒரு வருடம் கழித்து அங்கே போவது நல்ல திட்டமாக இருக்கலாம். அதை வேறாக யோசியுங்கள். இப்போது சென்னைக்கு வருவதற்கான வழி அது இல்லை.

பார்க்காமல் விட்டது ஏன்?

மீதி இருப்பது நௌக்ரியில் அனுப்பிய 20 கணக்கு விண்ணப்பங்கள். உங்கள் நோட்டின்படி இவற்றில் 7-ஐ எச்ஆர் திறந்து பார்த்திருக்கிறார். அந்த 7-இல் 3 போன். திறந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் கூப்பிடுகிறார்கள் என்றால் அந்த ரெஸ்யூமேயை மோசம் என்று யார் சொல்வார்கள்? 6,000 ரூபாய் வேண்டாம் என்று எடுத்த எடுப்பில் சொன்னது இந்த வரியை வைத்துத்தான்.

சரி, மற்ற 13-ஐ ஏன் திறக்கவில்லை? விளம்பரம் வந்த தேதியை நீங்கள் எழுதிவைத்தது இங்கே கைகொடுக்கிறது. விளம்பரம் வந்து மூன்று நாளுக்குள் நீங்கள் அனுப்பியவை 8. அதில் 6 திறக்கப்பட்டன, மூன்று போனும் இந்த ஆறிலிருந்து வந்தவை. அதற்குப் பிறகு அனுப்பியவை 12. திறக்கப்பட்டது ஒன்றே ஒன்று.

ஆள் எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. விளம்பரம் போட்ட இரண்டு மூன்று நாளில் விண்ணப்பங்கள் குவிந்துவிடும். எச்ஆர் மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, பேசத் தகுந்தவர்கள் பத்துப் பேர் கிடைத்ததும் நிறுத்திக்கொண்டு போன் போடத் தொடங்குவார். அந்தப் பத்துப் பேரில் ஒருவரும் தேறவில்லை என்றால்தான் மறுபடி பட்டியலுக்கு வருவார். விளம்பரமோ யாரும் எடுக்காததால் இன்னும் பல நாள் தளத்தில் அப்படியே நிற்கும். பத்தாம் நாள் அனுப்புகிறவர் அந்த இரண்டாம் சுற்றை நம்பி அனுப்புகிறார்.

தேதியைத் தவிர இன்னொரு சந்தேகமும் எனக்கு இருக்கிறது. உங்கள் நௌக்ரி முகப்பில் ஊர் திருப்பூர் என்று மட்டும் இருக்கிறது, விருப்பமான ஊர் என்ற இடம் காலி. தலைப்பு வரியில் நல்ல வாய்ப்பைத் தேடும் கணக்கர் என்ற பொருளில் ஒரு பொதுவான வாக்கியம். சென்னையில் உள்ளவர்கள் மட்டும் என்று வடிகட்டினால் நீங்கள் காணாமல் போவீர்கள். வடிகட்டாவிட்டாலும், திருப்பூர்க்காரர் சென்னைக்கு வருவாரா என்று ஒரு கணம் தயங்குகிறவர் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். விருப்பமான ஊரில் சென்னையைச் சேருங்கள். தலைப்பு வரியை இப்படி மாற்றுங்கள்:

```
Senior Accountant | Tally Prime, GST, TDS, Export Accounts | 6 yrs | Relocating to Chennai
```

ஏற்றுமதிக் கணக்கு பார்த்தவர் என்பதை விட்டுவிடாதீர்கள். சென்னையிலும் ஏற்றுமதியாளர்கள் இருக்கிறார்கள், சாதாரணக் கணக்கரிடமிருந்து உங்களைப் பிரித்துக் காட்டும் வரி அது. ஆனால் தேதி விஷயத்துக்கு உங்கள் நோட்டில் ஆதாரம் இருக்கிறது, இந்த முகப்பு விஷயம் இன்னும் என் ஊகம்தான். அடுத்த சுற்றில் அது தெரிந்துவிடும்.

போனில் அறுந்த மூன்று

ஐந்து போனில் மூன்று நேர்காணல் வரை போகவில்லை. மூன்றை வைத்து சதவீதம் போடுவதில் அர்த்தமில்லை. ஆனால் போனில் ஒருவர் வாய்விட்டுச் சொன்ன காரணம் எந்தச் சதவீதத்தையும்விடப் பலமான சாட்சி. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்க்கிறேன். இரண்டு பேர் எப்போது சேர முடியும் என்று கேட்டிருக்கிறார்கள், நீங்கள் 60 நாள் என்றதும் பிறகு சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்கள். ஒருவர் சம்பளம் கேட்டுவிட்டுப் பின்வாங்கியிருக்கிறார்.

நீங்கள் செய்ய வேண்டியது, அடுத்த போன் வருவதற்கு முன் உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்துப் படிப்பது. 60 நாளில் ஒரு பகுதிக்குச் சம்பளம் கட்டிவிட்டு முன்னால் விடுபட அதில் வழி இருக்கிறதா? மிச்சமிருக்கும் விடுப்பைக் கழித்துக்கொள்ள விடுவார்களா? 30 அல்லது 45 நாளில் வர முடியும் என்று உறுதியாகத் தெரிந்தால், போனில் அதையே சொல்லுங்கள். தெரியாமல் சொல்லிவிட்டுப் பிறகு மாற்றினால் கிடைத்த வேலையும் கைநழுவும்.

இனி எழுத வேண்டிய பட்டியல்

நோட்டை கூகுள் ஷீட்ஸுக்கு மாற்றுங்கள். பத்துப் பத்திகள் போதும். இதற்கு மேல் போட்டால் ஒரு வாரத்தில் எழுதுவதை விட்டுவிடுவீர்கள்.

A – விண்ணப்பித்த தேதி
B – விளம்பரம் வந்த தேதி
C – நிறுவனம், பதவி
D – வழி (நௌக்ரி, லிங்க்ட்இன், நிறுவன இணையதளம், தெரிந்தவர்)
E – வகை (கணக்கு, ஷேர்டு)
F – எந்த ரெஸ்யூமே, எந்த முகப்பு
G – கட்டாயம் என்று கேட்டதில் என்னிடம் இல்லாதது
H – பார்த்தார்களா
I – எதுவரை போனது (மறுப்பு, போன், நேர்காணல்)
J – அவர்கள் சொன்ன வார்த்தை, மறுப்பு என்றால் வந்த நேரம்

G பத்தியில் 'ஐந்தில் நான்கு பொருந்துகிறது' என்பதற்கு 4/5 என்று எழுதும் பழக்கம் பலருக்கு உண்டு. ஷீட்ஸ் அதைத் தேதியாக மாற்றிவிடும். அதைவிட முக்கியம், எண்ணில் விஷயம் இல்லை. எது இல்லை என்று பெயரை எழுதுங்கள்: எஸ்ஏபி, இரவு ஷிப்ட், சிஏ இன்டர் என்று. மாதக் கடைசியில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் தகுதிச் சிக்கல் எது என்று தானே தெரியும்.

D, E, H, I பத்திகளில் எப்போதும் ஒரே சொல்லை எழுதுங்கள். ஒரு நாள் 'போன்', மறுநாள் 'கூப்பிட்டார்கள்' என்று எழுதினால் எண்ணும்போது விட்டுப்போகும். நௌக்ரி வழியாகக் கணக்கு வேலைக்கு மூன்று நாளுக்குள் அனுப்பியவை எத்தனை, அவற்றில் பார்க்கப்பட்டவை எத்தனை என்று எண்ண, K பத்தியில் விளம்பரத்தின் வயதை வரவழைத்துக்கொண்டால் போதும்:

```
K2:  =A2-B2
=COUNTIFS(D:D,"நௌக்ரி",E:E,"கணக்கு",K:K,"<=3")
=COUNTIFS(D:D,"நௌக்ரி",E:E,"கணக்கு",K:K,"<=3",H:H,"ஆம்")
```

முதல் சூத்திரத்தை விண்ணப்பம் இருக்கும் வரிகள் வரை மட்டும் இழுங்கள். வெற்று வரிகளுக்கும் இழுத்தால் அங்கெல்லாம் 0 விழும்.

விண்ணப்பித்த அன்றே விளம்பரத்தின் முழு வாசகத்தையும் நகல் எடுத்து ஒரு கோப்பில் போட்டுவையுங்கள். ஆள் கிடைத்ததும் விளம்பரத்தை எடுத்துவிடுவார்கள். மூன்று வாரம் கழித்துப் போன் வரும்போது எந்த வேலைக்கு என்ன கேட்டார்கள் என்று தெரியாமல் விழிக்க வேண்டியதில்லை. 30 நாள் ஆகியும் I பத்தி காலியாக இருந்தால் 'பதில் இல்லை' என்று எழுதி மூடுங்கள். அதற்குப் பிறகு போன் வந்தால் திருத்திக்கொள்ளலாம். கணக்குப் போடும்போது இப்படி மூடியவற்றையும் பதில் வந்தவற்றையும் மட்டும் சேருங்கள். நேற்று அனுப்பியதையும் தோல்வியில் சேர்த்துக் கழித்தால் புதிதாகச் செய்த மாற்றம் எப்போதும் மோசமாகத்தான் தெரியும்.

உங்களைப் போல் முன்பே குறித்துவைக்காதவர்கள், போன மாதங்களின் விண்ணப்பங்களை மெயிலிலிருந்து ஓரளவு மீட்கலாம். ஜிமெயில் தேடலில் இப்படிப் போட்டால் போதும்:

```
("thank you for applying" OR "application received" OR "your application") newer_than:4m
```

இதில் அனுப்பிய தேதியும் மறுப்பு வந்த நேரமும் கிடைக்கும். விளம்பரம் வந்த தேதி கிடைக்காது, அதனால்தான் அதை அன்றைக்கே எழுத வேண்டும்.

அடுத்த 20

அடுத்த சுற்றில் நௌக்ரியில் கணக்கு வேலைகள் மட்டும், விளம்பரம் வந்து மூன்று நாளுக்குள் மட்டும், 20 விண்ணப்பங்கள் அனுப்புங்கள். முகப்பில் ஊரும் தலைப்பு வரியும் மாறியிருக்கட்டும். ரெஸ்யூமேயில் ஒரு எழுத்தைக்கூடத் தொடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் எது வேலை செய்தது என்று பிறகு சொல்ல முடியாது. தெரிந்தவர் மூலம் போகும் வாய்ப்பு வந்தால் விடாமல் அனுப்புங்கள், ஆனால் அதை இந்த 20-இல் சேர்க்காதீர்கள்.

முடிவைப் படிப்பது சுலபம். முன்பு மூன்று நாளுக்குள் அனுப்பியதில் எட்டுக்கு ஆறு பார்க்கப்பட்டது. 20-இல் பத்துக்குக் குறைவாகத்தான் பார்க்கிறார்கள் என்றால் எட்டுக்கு ஆறு என்பது சின்ன எண்ணின் மயக்கம், சிக்கல் இன்னும் முகப்பிலோ வடிகட்டலிலோ இருக்கிறது. சம்பள எதிர்பார்ப்பையும் நோட்டீஸ் நாளையும் அடுத்துப் பார்க்க வேண்டும். பத்துக்கு மேல் பார்த்து, இரண்டு மூன்று போனும் வந்தால் வழி சரி, அதிலேயே போங்கள்.

பத்துப் பேர் திறந்து பார்த்தும் ஒருவர்கூட அழைக்கவில்லை என்றால் மட்டும் ரெஸ்யூமேயைச் சந்தேகியுங்கள். அப்போதும் முதலில் காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. பிடிஎஃப்பைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். இரண்டு பத்தியாகப் பிரித்த ரெஸ்யூமே என்றால் இடப்பக்கத் திறன்களும் வலப்பக்க அனுபவமும் ஒரே வரியில் கலந்து விழலாம். படமாகப் போட்ட போன் எண் வராமலே போகலாம். மென்பொருளும் ஏறக்குறைய அப்படித்தான் படிக்கும். ஒட்டியது வரிசை குலையாமல் வந்தால், முதல் அரைப் பக்கத்தை மட்டும் பாருங்கள். 'கணக்குகளைப் பராமரித்தேன்' என்பதற்குப் பதில், மாதம் எத்தனை இன்வாய்ஸ், எந்தெந்த ரிட்டர்ன், எத்தனை வங்கிக் கணக்குகளின் ரெக்கன்சிலியேஷன் என்று இருக்கிறதா? இல்லையென்றால் எழுதுங்கள். இதை உங்களைவிட நன்றாக எழுத அந்த 6,000 ரூபாய்க்காரரால் முடியாது, ஏனென்றால் அந்த எண்கள் உங்களிடம்தான் இருக்கின்றன.

இருபதாவது விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து 30 நாள் கழித்து ஷீட்டை எனக்கு அனுப்புங்கள். H, I, J மூன்று பத்திகளும் நிரம்பியிருந்தால் போதும், மேற்கொண்டு அதை வைத்துப் பேசலாம்.